சரியாக நாற்பது இருந்தால்?

நூலகப் பட்டியலைத் திரையில் காட்டும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 20 புத்தகம். இதுவரை 0-இல் தொடங்கிய பக்க எண்ணை 1-இல் தொடங்கும்படி ஒருவர் மாற்றி, சரிபார்க்கச் சொல்லிச் சக நிரலாளரிடம் தருகிறார். முக்கியமானவை இரண்டே வரிகள்:

```
offset = (page - 1) * size
pages = floor(total / size) + 1
```

முதல் வரி, எத்தனை புத்தகங்களைத் தாண்டிவிட்டு எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. முதல் பக்கத்துக்கு 0, இரண்டாம் பக்கத்துக்கு 20. கணக்கு சரிதான். ஆனால் யாரோ எப்போதோ சேமித்துவைத்த `page=0` என்ற பழைய இணைப்பு வந்தால் விடை -20. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் அதை ஏற்காமல் பிழை காட்டிவிடும்.

இரண்டாம் வரியில்தான் சிக்கல் அதிகம். எழுதியவர் 45 புத்தகங்களை வைத்துச் சோதித்திருக்கிறார்: 2 கூட்டல் 1, மூன்று பக்கம், சரி. 40 புத்தகம் இருந்தாலும் மூன்று என்றே வரும். மூன்றாம் பக்கம் வெறுமையாக நிற்கும். 45 என்பது எந்தப் பிழையையும் காட்டிக்கொடுக்காத எண். அதனால் சரிபார்ப்பவர் 0, 1, 20, 21, 40 என்று விளிம்பில் நிற்கும் எண்களையே கேட்க வேண்டும். அவற்றுக்கு வர வேண்டிய பக்கங்களைத் தாளில் எழுதிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

`floor`-ஐயும் கூட்டும் ஒன்றையும் எடுத்துவிட்டு, மேல்நோக்கி முழுமையாக்கும் `ceil(total / size)` என்று போட்டால் 40-க்கு இரண்டு வரும். அத்தோடு முடியவில்லை. தேடலில் ஒன்றுமே கிடைக்காதபோது மொத்தப் பக்கம் 0 ஆகிறது. கடைசிப் பக்கத்தைத் தாண்டிக் கேட்பவரைக் கடைசிப் பக்கத்துக்கே திருப்பும் வரி ஒன்று பல நிரல்களில் இருக்கும். அது `page`-ஐ 0 ஆக்கிவிட, அதே -20 பின்வாசல் வழியாக வந்து சேரும். ஒரு திருத்தம் அடுத்த பிழைக்கு வழிவிடுவது இப்படித்தான். திருப்பிய பிறகும் `page` 1-க்குக் கீழே போகாமல் தடுப்பதே நேரான வழி.

பட்டியல் பெரிதானால் மொத்தத்தை எண்ணுவதற்கே நேரமாகும். அதைத் தவிர்க்க, 20 காட்டுவதற்கு 21 எடுத்து, இருபத்தோராவது வந்தால் மட்டும் ‘அடுத்து’ பொத்தானைக் காட்டுவார்கள். நல்ல உத்திதான். ஆனால் `size`-ஐயே 21 என மாற்றிவிட்டால் `offset`-உம் 21-ஆகப் பெருகும். முதல் பக்கம் 20 புத்தகத்தைக் காட்டும், இரண்டாம் பக்கம் 22-ஆவதிலிருந்து தொடங்கும். இருபத்தோராவது புத்தகம் எந்தப் பக்கத்திலும் வராது, பிழைச் செய்தியும் வராது. இதைப் பிடிக்க எல்லாப் பக்கங்களையும் வரிசையாக எடுத்து ஒட்டி, மூலப் பட்டியலோடு ஒப்பிடும் ஒரு சோதனையைச் சரிபார்ப்பவர் கேட்டு வாங்க வேண்டும்.