வெள்ளையடித்த மறுநாளே எட்டிப் பார்க்கும் கறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் பெயிண்டர்களுக்கு வேலை கூடிவிடும். சீலிங்கில் தண்ணீர் இறங்கிப் பழுப்பாகப் படர்ந்த கறையை மறைக்கச் சொல்லித்தான் பாதிப் பேர் அழைப்பார்கள். பெயிண்டர் வருவார், சுரண்டுவார், பட்டி பார்ப்பார், இரண்டு கோட் எமல்ஷன் அடிப்பார். சாயங்காலம் பார்த்தால் சீலிங் பளிச்சென்று இருக்கும். மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே வடிவத்தில், வெளிறிய மஞ்சளாகக் கறை மறுபடி தெரியும். உடனே வீட்டுக்காரர் மொட்டை மாடியில் கசிவை அடைத்த கொத்தனாரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். பல நேரங்களில் அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இருக்காது.

மாடியில் தேங்கும் தண்ணீர் வெறும் தண்ணீராகக் கீழே இறங்குவதில்லை. தட்டோடு, அதன் அடியிலிருக்கும் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், கான்கிரீட், சில இடங்களில் துருப்பிடித்த கம்பி என்று வழியில் இருப்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தும் அரித்தும் எடுத்துக்கொண்டு வருகிறது. சீலிங்குக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், சுமந்து வந்தது பூச்சிலேயே தங்கிவிடும். ஓரங்களில் ஈரம் சீக்கிரம் உலர்வதால் நடுவிலிருக்கும் நீர் ஓரத்தை நோக்கி நகர்கிறது, கரைந்த பொருளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மேஜையில் சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கருத்துத் தெரிவதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997இல் இதற்கு விளக்கம் எழுதி நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சீலிங் கறைக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்தால், தண்ணீர் பல முறை இறங்கி இறங்கிக் காய்ந்திருக்கிறது என்று பொருள்.

இதன் மேல் எமல்ஷன் அடிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. எமல்ஷனும் டிஸ்டம்பரும் தண்ணீரில் கலந்த வண்ணங்கள். அந்தத் தண்ணீர் காய்ந்து கிடந்த கறையை மறுபடி கரைக்கிறது. பெயிண்ட் உலரும்போது நீர் மேல்நோக்கி ஆவியாகும், கரைந்த கறையும் அதோடு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது, நான்காவது கோட் அடித்தாலும் ஒவ்வொரு கோட்டும் புதிதாக ஈரத்தைக் கொடுப்பதால் கறை லேசாகும், போகாது. அதனால் எமல்ஷனுக்கு முன்னால், தண்ணீரில் கலக்காத ஒரு தடுப்புப் படலம் வேண்டும். கறைத்தடுப்பு பிரைமர் என்பது அதுதான்.

பெயிண்ட் கடையில் 'பிரைமர்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் தண்ணீர் கலக்கும் சாதாரண சுவர் பிரைமரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கறைக்கு அது உதவாது. டப்பாவின் பின்பக்கம் எதைக் கலந்து இளக்கச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். டர்ப்பன்டைன் அல்லது தின்னர் என்று இருந்தால் அது எண்ணெய் வகை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சால்வென்ட் சிமென்ட் பிரைமர் இந்த வகைதான், சாதாரண நீர்க்கறைக்கு இதுவே பெரும்பாலும் போதும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து வெள்ளை நிறமி சேர்த்த பிரைமரும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும், கறையை அடைப்பதில் இதற்கு நிகரில்லை, ஆனால் விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. அரக்குதானே என்று தச்சரிடமிருக்கும் பிரெஞ்சு பாலிஷை வாங்கி அடித்துவிடாதீர்கள். அதற்கே பழுப்பு நிறம் உண்டு, அதிலுள்ள மெழுகும் மேலே அடிக்கும் பெயிண்டைச் சரியாகப் பிடிக்கவிடாது. தண்ணீரில் கலக்கும் கறைத்தடுப்பு பிரைமர்களும் வருகின்றன, லேசான கறைக்கு அவற்றைப் பயன்படுத்தலாம்.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடியில் மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்துக்கொண்டது. தண்ணீர் தேங்கிப் படுக்கையறை மூலையில் 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் கறை விழுந்துவிட்டது. குழாயைச் சுத்தம் செய்து, தட்டோட்டின் இணைப்புகளையும் அடைத்தாயிற்று. இனி முதல் வேலை பெயிண்ட் அல்ல, ஒரு பென்சில். கறையின் விளிம்பையொட்டிக் கோடு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகும், அல்லது மாடியில் குழாய் வாயை அடைத்து ஓரிரு நாள் தண்ணீர் தேக்கி வைத்த பிறகும், கறை கோட்டைத் தாண்டாவிட்டால் கசிவு நின்றுவிட்டது. தாண்டினால் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு கறை திரும்பினாலும் வித்தியாசம் இதுவேதான். மழையே இல்லாமல், தொட்டால் உலர்ந்து, பழைய வடிவத்திலேயே ஓரிரு நாளில் தெரிந்தால் அது பழைய கறை. மழைக்குப் பின் ஈரமாக, பெரிதாகத் தெரிந்தால் புதுக் கசிவு.

கசிவு நின்றாலும் கான்கிரீட்டுக்குள் ஈரம் வாரக்கணக்கில் இருக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளைக் கறை மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கட்டியிருந்தால் இன்னும் காயவில்லை. இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறவர்கள் அதிகம். ஈரத்தின் மேல் எண்ணெய் பிரைமர் ஒட்டாது, கொப்புளம் கட்டும். சிமென்ட்டின் காரமும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண எண்ணெய்ப் பெயிண்ட் சோப்பைப் போல் மாறிப் பிசுபிசுத்து உரிந்துவிடும். புதிதாகக் காரை பூசியிருந்தால் 28 நாளாவது விட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

காய்ந்த பிறகு உப்பிய பெயிண்டைச் சுரண்ட வேண்டும். அடியில் பழைய சுண்ணாம்பு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரைமர் சுண்ணாம்போடு சேர்ந்து பொரிந்து விழும். குழிகளுக்குப் பட்டி பார்த்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைத் துடைத்த பிறகே கறைத்தடுப்பு பிரைமர். வரிசை முக்கியம். பட்டியிலும் தண்ணீர் இருப்பதால் கறை அதற்குள்ளும் ஏறும். பிரைமர் பட்டிக்கு மேலே இருந்தால் ஏறியது அங்கேயே அடைபட்டுவிடும்.

கறையைச் சுற்றி அரை அடி கூடுதலாக அடித்தால் நம் தாம்பரம் வீட்டில் மொத்தம் ஏழரைச் சதுர அடிதான் வருகிறது. இரண்டு கோட்டுக்குக் கால் லிட்டர் கூட ஆகாது, கடையிலுள்ள மிகச் சிறிய டப்பாவே போதும். முதல் கோட்டை ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் கறையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு எமல்ஷன் தடவிப் பாருங்கள். மறுநாள் வரை வெள்ளையாகவே இருந்தால் போதும். மஞ்சள் தட்டினால் இன்னொரு கோட். ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பையும் கொசுவர்த்தியையும் அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். தலைக்கு மேலே செய்கிற வேலை, துளி கண்ணில்தான் விழும்.

கடைசியாக எமல்ஷனைக் கறை இருந்த இடத்தில் மட்டும் அடித்தால் அந்த இடம் திட்டாகத் தனித்துத் தெரியும். சீலிங் முழுவதையும் மூலைக்கு மூலை அடித்துவிடுவதே நல்லது, அதுவும் பளபளப்பில்லாத மேட் வகையில்.

இந்த பிரைமர் வேலை செய்யாத கறைகளும் உண்டு. வெள்ளையாகத் தூள் தூளாக உதிர்வது கறையே அல்ல, உப்பு பூத்திருக்கிறது. அதைத் தண்ணீர் படாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிட்டு ஈரத்தின் மூலத்தைத் தேட வேண்டும். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை, அதைக் கொன்ற பிறகே பூச்சு. பழுப்புக் கறை நேர்கோடாக ஓடி, கூடவே விரிசலும் இருந்து, கம்பால் தட்டினால் உள்ளே வெற்றிடம்போல் சத்தம் கேட்டால் கம்பி துருத்துக் காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே கட்டில் போட்டிருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள், பிறகு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.