'பார்க்கலாம்' என்றால் சம்மதமா?

தெற்குக் கெடாவின் செர்டாங்கில் வாழும் ஒரு கணவன் மனைவி நிதி ஆலோசகரைச் சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேங்க் நெகாராவின் ஏற்பாட்டில் 2006 முதல் இயங்கும் ஏகேபிகே இத்தகைய ஆலோசனையை இலவசமாகவே வழங்குகிறது. ஆலோசகரின் அனுமதியோடு பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தாயிற்று. ஒரு மணி நேரப் பேச்சை ஒரு பக்கத்தில் சுருக்குவது எப்படி?

முதல் முறை கேட்கும்போது எதையும் சுருக்காதீர்கள். தொகை காதில் விழும் இடத்தில் எல்லாம் அதையும், அது எத்தனையாவது நிமிடம் என்பதையும், சொன்னவர் யார் என்பதையும் குறியுங்கள். பேச்சுத் தமிழில் 'நூத்தம்பது', 'நூத்தி ஒம்பது' இரண்டும் ஒலியில் நெருக்கமானவை. 150 எங்கே, 109 எங்கே! நிமிடக் குறிப்பு இருந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பக் கேட்கலாம்.

நம் தம்பதியர் வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளம் 4,800 வெள்ளி, செலவு 4,000. மிஞ்சுவது 800. அவசரச் சேமிப்பாக மூன்று மாதச் செலவான 12,000 வெள்ளி வேண்டும் என்கிறார் ஆலோசகர். கையிருப்பு 3,000 போக மீதி 9,000; முப்பது மாதங்களில் சேர்க்க மாதம் 300. மகளின் படிப்புக்கு 150. கூரையைப் பழுதுபார்க்க 12ஆம் நிமிடத்தில் மாதம் 200 என்றார் கணவர். ஆனால் 6,000 வெள்ளி இரண்டே ஆண்டுகளில் வேண்டுமென்றால் 250 ஆகும் என்று 40ஆம் நிமிடத்தில் ஆலோசகர் கணக்குப் போட, இருவரும் "சரி" என்றார்கள். சுருக்கத்தில் ஏற வேண்டியது 250தான்.

ஓய்வுக்காலத்துக்குக் கூடுதலாக மாதம் 200 போடலாமே என்று ஆலோசகர் கேட்டபோது மனைவி சொன்னது, "பார்க்கலாம் சார்." நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்குப் பாதி நேரம் 'வேண்டாம்' என்று பொருள்! இதையும் முடிவாக எழுதினால் என்ன ஆகும்? 300, 150, 250, 200 கூட்டினால் 900. மிச்சமோ 800. கூட்டுத்தொகை மிச்சத்தை மீறினால், பேசியது ஏதோ முடிவாக ஏறிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அந்த 200 'பிறகு பேச வேண்டியவை' என்ற தனிப் பகுதிக்குப் போகட்டும். இப்போது கூட்டுத்தொகை 700.

ஆனால் கூட்டல் எல்லாப் பிழையையும் காட்டாது. கையிருப்பு 3,000 எங்கே இருக்கிறது? 2024 மே முதல், 55 வயதுக்கு உட்பட்டவர்களின் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு, எப்போதும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் சேர்கிறது. பணம் அங்கே இருந்தால் அப்படியே எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே 3,000 ஓய்வுக்காலச் சேமிப்பிலும் இரண்டாம் முறை எண்ணப்பட்டுவிடும்.

ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதைச் சேருங்கள். "மகளின் கல்விக் கணக்குக்கு மாதம் 150, மனைவியின் சம்பளத்தில் இருந்து, அடுத்த மாதம் முதல்" என்ற அளவு போதும். எழுதியதை இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்து, ஆலோசகருக்கும் ஒரு படி அனுப்புங்கள். "நான் எங்கே சரி சொன்னேன்?" என்று ஒருவர் கேட்டால், நிமிடக் குறிப்பைப் பார்த்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டலாம்.