பெயர் ஒட்டிய பழம், ஒட்டாத பழம்

1000 மாம்பழங்களின் எடை, இனிப்பு அளவு, ‘பங்கனபள்ளி’, ‘செந்தூரா’ என்ற பெயர்ச் சீட்டு எல்லாம் கையில் இருந்தால், 800-ஐக் காட்டிக் கணினியைப் பழக்கலாம். மீதி 200-ஐச் சீட்டை மறைத்துக் கொடுத்து, எத்தனை சரி என்று எண்ணிவிடலாம். இது மேற்பார்வைக் கற்றல்.

சீட்டே இல்லாவிட்டால், ஒத்த பழங்களைக் குவியலாகப் பிரிக்கத்தான் முடியும். இது மேற்பார்வையற்ற கற்றல். குவியலுக்குப் பெயர் வைப்பது நம் பொறுப்பு. வணிகப் பகுப்பாய்வாளர் சறுக்குவது இங்கேதான். எடை 200 முதல் 500 கிராம் வரை போகும்; இனிப்பு 14 முதல் 20 வரைதான். அப்படியே கொடுத்தால் எடை இனிப்பை விழுங்கிவிடும். இரண்டையும் முதலில் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளர்களை வருமானம், மாதக் கொள்முதல் எண்ணிக்கை கொண்டு பிரிக்கும்போதும் இப்படித்தான். ஒவ்வொரு குவியலிலும் வருமானம் மட்டும் ஒத்துப்போய், கொள்முதல் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடந்தால் அளவுகோலைச் சரிபாருங்கள்.