இருமல் சிரப்புக்குள் ஆடாதோடை இலை!

வேலியோரம் வளரும் ஆடாதோடையை ஆடுகூடத் தொடாது. காரணம், அதன் கசப்பு. அந்தக் கசப்பின் முக்கியக் காரணப் பொருளுக்கு வாசிசின் என்று பெயர். ஊட்டியில் அரசு வேதியியலாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், 1888-இல் இதை இலையிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தார்.

வாசிசின் என்ன செய்கிறது? நம் மூச்சுக்குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும். மூச்சுவிடும்போது 'விசில்' மாதிரி சத்தம் வரும். அதுதான் வீசிங். வாசிசினும், அது காற்றுபட்டு மாறும்போது உருவாகும் வாசிசினோனும் இந்தத் தசையைத் தளர்த்துவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தது.

1960-களில் ஜெர்மனியில் வாசிசினின் வேதி அமைப்பை முன்மாதிரியாக வைத்து புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். இது உடலுக்குள் போய் மாறும் பொருள்களில் ஒன்று அம்புராக்சால். அதுவும் இன்று தனி மருந்தாகக் கிடைக்கிறது. ஆனால், ஒன்றை மறந்துடாதீங்க: இந்த இரண்டும் சளியை இளக்கி வெளியேற்றும் மருந்துகள். சுருங்கிய குழாயை விரிப்பது இவற்றின் வேலை அல்ல.

உங்கள் வீட்டு சிரப் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 5 மி.லி.யில் புரோம்ஹெக்சின் 4 மி.கி., டெர்புட்டலின் 1.25 மி.கி., குவைபெனிசின் 50 மி.கி. என்று இருக்கலாம். புரோம்ஹெக்சினும் குவைபெனிசினும் சளியைக் கவனிக்கின்றன. குழாயை விரிப்பது டெர்புட்டலின். அதற்கும் ஆடாதோடைக்கும் சம்பந்தமில்லை. குடித்ததும் கை நடுங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ, அது பெரும்பாலும் டெர்புட்டலினால்தான். 'சும்மா இருமல் மருந்துதானே' என்று நீங்களே அளவைக் கூட்டாதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

அப்படியென்றால் இலைக் கஷாயம் போதுமா? இலைக்கு இலை வாசிசின் அளவு மாறும் என்பதால், ஒரு டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் கணக்கிட முடியாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் கொண்டது. அதனால் கர்ப்பிணிகள் கஷாயமாகவோ பொடியாகவோ ஆடாதோடையைத் தாங்களாகச் சாப்பிடக் கூடாது. மற்றவர்கள் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆஸ்துமா உள்ளவருக்கு வீசிங் வந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். டாக்டர் தந்த இன்ஹேலர்தான் முதலில். ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சிழுக்கும்போது குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே குழிந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.