‘பிரைஸ் ப்ளீஸ்’ என்பவர் வாங்குவாரா?

வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பெண்களின் இன்பாக்ஸில் ஓயாமல் வந்து விழுவது ‘பிரைஸ் ப்ளீஸ்’தான். விலையைச் சொன்னதும் பலர் காணாமல் போவார்கள். சிலர் முந்தானையைக் காட்டச் சொல்வார்கள், வேறு கலர் கேட்பார்கள். இவர்களில் யார் வாங்குவார்? ‘கண்டிப்பா வேணுமா சிஸ்?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘ஆமா’ என்று சொல்லக் காசா, பணமா?

வாங்க நினைப்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் விஷயத்தைக் கேட்க வேண்டும். கடுகு நிறச் செட்டிநாடு காட்டன் ஒன்று, விலை 1,450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் விலையைச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துவைத்துக் கேள்வி கேட்டால் நல்ல வாடிக்கையாளரும் ஓடிவிடுவார். கூடவே ஒரே ஒரு கேள்வி: “எந்தத் தேதிக்குள்ள கையில வேணும்?” ‘வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு, பிளவுஸ் வேற தைக்கணும்’ என்று பதில் வந்தால் அவருக்குத் தேவை இருக்கிறது. ‘சும்மா பார்த்தேன்’ என்றால் அதுவும் நல்ல பதில்தான். அடுத்த ஸ்டாக் வரும்போது சொல்வதாகச் சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, “பின்கோடு அனுப்புங்க, கூரியர் சார்ஜோட மொத்தம் சொல்றேன்.” வேடிக்கை பார்ப்பவர் பெரும்பாலும் இங்கே நழுவுவார். அனுப்பியவருக்கு, “ஃபால்ஸ் அடிச்சு அனுப்பவா, அப்படியே அனுப்பவா?” என்று கேளுங்கள். சேலையை உடுத்துவதுபோல் யோசித்துப் பார்த்தவர்தான் இதற்குச் சட்டென்று பதில் சொல்வார்.

ஒன்றை மறக்கக் கூடாது. நிறையக் கேள்வி கேட்பவரெல்லாம் வெட்டிப்பேச்சுக்காரர் இல்லை. சாயம் போகுமா, பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ இருக்கிறதா என்று துருவுபவர் பணம் போடுவதற்கு முன்பு பயப்படுகிறார், அவ்வளவுதான். மாறாக, விலை, நிறம் எதையும் கேட்காமல் ‘ஓகே, அஞ்சு பீஸ் எடுத்துக்கறேன்’ என்பவரிடம்தான் உஷார் தேவை. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால், வங்கிக் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள். ‘இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்’ என்றால் அது மோசடி. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை.

கடைசிக் கேள்வியைத்தான் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்: “சிங்கிள் பீஸ்தான் இருக்கு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எடுத்து வைக்கிறேன், அதுக்குள்ள ஜிபே பண்ண முடியுமா?” ‘வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்’ என்பார் ஒருவர். கேட்கட்டும். ஆறு மணிக்கு ஒரு மெசேஜ், பதில் இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குச் சேலை.