சாம்பிள் எங்கே நின்றது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் இளம் மெர்ச்சண்டைசர் ஒருவர், வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டிய ஃபிட் சாம்பிளை இரண்டு மாதத்தில் மூன்று முறை தாமதமாக அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மூன்று நாள், நான்கு நாள் பிந்தியது. பையரிடமிருந்து கோபமான மின்னஞ்சல் வந்துவிட்டது. மேலாளர் அவரிடம் பேசியாக வேண்டும். இது எந்த ஒரு நிறுவனத்தின் கதையும் அல்ல. அந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பதை வைத்துப் புனைந்த உதாரணம். ஆனால் இந்த இடத்தில் வந்து நிற்காத மேலாளர் அநேகமாக எந்தத் தொழிலிலும் இல்லை.

அந்த நேரத்தில் மேலாளரின் மனதில் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே தயாராக இருக்கும். ‘பையனுக்குப் பொறுப்பு போதாது.’ இப்படித் தோன்றுவது இயல்பு என்பதை உளவியலாளர்கள் வெகுகாலம் முன்பே காட்டிவிட்டார்கள். 1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பம் அல்ல, அவருக்கு இடப்பட்ட பணி என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உண்மையிலேயே ஆதரவாளராகத்தான் இருப்பார் என்று படித்தவர்கள் சாய்ந்தார்கள். ஒருவரின் செயலைப் பார்த்ததும் அவருடைய குணத்தை எடைபோடுகிறோம். அவரைச் சுற்றி நின்ற நெருக்கடி கண்ணில் படுவதில்லை. தாமதமான சாம்பிள் கண்ணுக்குத் தெரிகிறது. அது எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது தெரிவதில்லை.

அதனால் பேச்சுக்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த இரண்டு மாதத் தேதிகளை எடுத்து வரிசையாக எழுதிப் பார்ப்பது. நம் உதாரணத்தில் மேலாளர் அப்படிச் செய்தபோது ஒன்று புலப்பட்டது. துணியின் நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் லேப் டிப் எல்லாம் சொன்ன நாளில் போயிருக்கிறது. பையருக்கான பதில்களும் அதே நாளில் போயிருக்கின்றன. தையல் தேவைப்படும் சாம்பிள் மட்டுமே பிந்தியிருக்கிறது. பொறுப்பில்லாதவர் என்றால் எல்லாவற்றிலும் அல்லவா பிந்தியிருக்க வேண்டும்? இந்தச் சந்தேகம்தான் உண்மையான கேள்வியைப் பிறப்பிக்கிறது. ஆர்வத்தை முகத்தில் வரவழைத்துக்கொள்ள முடியாது. தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று மேலாளர் உணர்ந்தால் அது தானாக வரும்.

தனியாகப் பேசுவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ‘உடனே கேபினுக்கு வரவும்’ என்று செய்தி போட்டால், அறைக்குள் இருவர் மட்டுமே இருந்தாலும் அலுவலகம் முழுக்க விஷயம் தெரிந்துவிடும். ஷிப்மென்ட் கிளம்பும் பரபரப்பான நாளும் ஏற்றதல்ல. சற்று ஓய்வான ஒரு பிற்பகலில், ‘அந்த டி-ஷர்ட் சாம்பிள் பத்திக் கொஞ்சம் பேசலாமா?’ என்று நேரில் சொல்லி அழைப்பது நல்லது. எதைப் பற்றி என்று முன்கூட்டியே தெரிந்தால், வருபவர் வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு உட்கார மாட்டார்.

உட்கார்ந்ததும் இளைஞரிடமிருந்து முதலில் வருவது மன்னிப்புதான். “சாரிங்ணா, இனிமே கரெக்டா அனுப்பிடறேன்.” பெரும்பாலான பேச்சுகள் இங்கேயே முடிந்துபோகின்றன. மேலாளருக்குத் திருப்தி, ஊழியருக்கு நிம்மதி. அடுத்த மாதம் மறுபடி தாமதம். காரணம் தெரியாமலே கொடுத்த வாக்குறுதி அது.

“சாரி இருக்கட்டும் தம்பி. நான் திட்டக் கூப்பிடல. லேப் டிப் எல்லாம் கரெக்டா போகுது, சாம்பிள் மட்டும் மூணு தடவை நின்னுருக்கு. கடைசியா போனதை எடுத்துக்குவோம். ஸ்பெக் ஷீட் உன் கைக்கு வந்த நாள்ல இருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

‘ஏன் லேட்?’ என்று கேட்டிருந்தால் சாக்கு வந்திருக்கும். ஒரே ஒரு சாம்பிளின் பயணத்தைக் கேட்டதால் நாட்கள் வந்தன. திங்கட்கிழமை ஸ்பெக் ஷீட் வந்தது; அன்றே பேட்டர்ன் மாஸ்டரிடம் போனது. செவ்வாய் மாலை பேட்டர்ன் தயார். புதன்கிழமை தைத்து வெள்ளிக்கிழமை கூரியரில் அனுப்புவதாகத் திட்டம். புதன் காலை சாம்பிள் டெய்லர் வேறொரு பையரின் வேலைக்கு மாற்றப்பட்டார். மறுபடி இந்த வேலையை அவர் கையில் எடுத்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அளந்து பார்த்தால் மார்புச் சுற்றளவில் அரை அங்குலம் குறைவு. திங்கட்கிழமை மறுபடி தைத்து, செவ்வாய்க்கிழமை கூரியர். நான்கு நாள் தாமதம்.

“புதன்கிழமை டெய்லரை மாத்தச் சொன்னது யாரு?”

சற்றுத் தயக்கத்துக்குப் பிறகு பதில் வந்தது. “நீங்கதாங்ணா. போன்ல அவசரம்னு சொன்னீங்கன்னு மாஸ்டர் சொன்னாரு.”

பேச்சின் மிகக் கடினமான நொடி இதுதான். ‘அது வேற விஷயம்’ என்று மேலாளர் சொன்னால் கதவு மூடிவிடும். ‘அப்பவே சொல்லியிருக்கலாம்ல?’ என்பது கேள்விபோல ஒலிக்கும் குற்றச்சாட்டு. நம் மேலாளர் வேறு மாதிரி கேட்டார்: “புதன்கிழமையே லேட் ஆகும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்ல எது தடையா இருந்துச்சு?” நீங்களே நிறுத்திய வேலையை உங்களிடமே எப்படிக் கேட்பது என்றார் அந்த இளைஞர்.

இந்த மௌனத்தின் விலையை ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் கண்டார். செவிலியர் குழுக்களில் நிகழும் மருந்துப் பிழைகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 1996இல் வெளியானது. நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கியவருக்கு, அந்தக் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பது தெரிந்தது. அவர்கள் அதிகம் தவறவில்லை; தலைமைச் செவிலியரிடம் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். பயம் இருந்த இடங்களில் பிழை வெளியே வரவில்லை. சாம்பிள் அறைக்கும் இது பொருந்தும். புதன்கிழமையே செய்தி தெரிந்திருந்தால் பையரிடம் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டிருக்கலாம், அல்லது இன்னொரு டெய்லரைப் போட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை தெரிந்தால் மன்னிப்பு மட்டுமே கேட்க முடியும்.

எல்லாப் பதிலும் இப்படித் தெளிவாக வராது. வீட்டில் யாருக்காவது உடல்நலம் சரியில்லை என்று ஒருவர் சொன்னால், நோயின் விவரத்தைத் தோண்ட வேண்டியதில்லை; எந்த வேலையை யாரிடம் மாற்றுவது என்று கேட்டால் போதும். எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால், அறிந்துகொள்ளக் கேட்பதுபோல நடிப்பது அநியாயம். அது வேறு பேச்சு. அதை வெளிப்படையாகவே பேச வேண்டும்.

அன்று இருவரும் இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். அவசரம் என்று ஒரு வேலை நுழைந்தால், எந்த சாம்பிள் எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்று மாஸ்டர் பலகையில் எழுதுவார். அதே நாளில் பையருக்குச் செய்தி போகும். அந்த அரை அங்குலத்துக்கு மேலாளரின் போன் காரணமல்ல. துணியை வெட்டும் முன் பேட்டர்னை அளவு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தன் வேலை என்று இளைஞரே சொன்னார். அடுத்த மூன்று சாம்பிள்கள் போன பிறகு, அதே தேதிப் பட்டியலோடு மறுபடி உட்காருவது என்று நாள் குறித்துக்கொண்டு எழுந்தார்கள்.