ஒரு வரிக்கு ஒரு செயல்: டிஸ்லெக்சியா உள்ள நண்பருக்கு ஒரு பாடச்சுருக்கம்

மாணவர்களே, டிஸ்லெக்சியா கண் கோளாறு அல்ல. அறிவுக் குறைவும் அல்ல. எழுத்தை ஒலியாக மாற்றும் வேலை மெதுவாக நடக்கிறது. கவனம் முழுவதும் அதிலேயே செலவாவதால், வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது.

படிவம் 3 இரத்த ஓட்டப் பாடத்தை இப்படிச் சுருக்கியிருப்பீர்கள்:

“உடலிலிருந்து திரும்பும் இரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குச் சென்று, உயிர்வளியைப் பெற்று, இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறையிலிருந்து உடலெங்கும் செல்கிறது.”

இதில் பிழையில்லை. ஆனால் வந்து, இறங்கி, சென்று, பெற்று, திரும்பி என ஐந்து எச்சங்களைச் சுமந்த பிறகே முற்றுவினை வருகிறது. ஒவ்வோர் எச்சத்தையும் முற்றுவினையாக்கிப் பாருங்கள்.

1. உடலிலிருந்து இரத்தம் வலது மேலறைக்கு வருகிறது.
2. அது வலது கீழறைக்கு இறங்குகிறது.
3. அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது.
4. நுரையீரலில் உயிர்வளியைப் பெறுகிறது.

5. பிறகு இடது மேலறைக்குத் திரும்புகிறது.
6. இடது கீழறைக்கு இறங்குகிறது.
7. அங்கிருந்து உடலெங்கும் செல்கிறது.

ஆறாவது படியைக் கவனித்தீர்களா? நீண்ட வாக்கியத்தில் அது விடுபட்டிருந்தது.

வாக்கியத்தைக் குறுக்கும்போது காரணத்தை வெட்டிவிடாதீர்கள். “இடது கீழறையின் சுவர் தடிப்பானது” என்று மட்டும் எழுதினால் அது மனப்பாடம்தான். “ஏனெனில் அது இரத்தத்தை உடல் முழுவதும் தள்ள வேண்டும்” என்று அடுத்த வரியில் சேருங்கள்.

அடுத்தது இடைவெளி. கணினியில் தட்டச்சு செய்தால் எழுத்தளவு 12 முதல் 14, வரி இடைவெளி 1.5 போதும். பத்தியின் இடப்பக்கத்தை மட்டும் நேராக்குங்கள். இரு பக்கமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே சமமற்ற வெற்றிடம் விழும்; கண் வரி தவறும். இத்தாலிய, பிரெஞ்சு மாணவர்களிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளுக்கு நடுவே இடம் கூட்டியபோது பிழை குறைந்தது, வேகமும் கூடியது. தமிழிலோ அதை அளவோடு செய்யுங்கள். மிஞ்சினால் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள்போல் தோன்றக்கூடும்.

இனி படம். முதல் மூன்று படிகளுக்கு நீல அம்புக்குறி, கடைசி மூன்றுக்குச் சிவப்பு. நிறம் மாறும் இடம் நான்காவது படி, அதாவது நுரையீரல். (உண்மையில் இரத்தம் நீலமாவதில்லை, உயிர்வளி குறைவு என்பதற்கான அடையாளமே அது.) இதயப் படத்தில் வலது அறைகள் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். எனவே ‘வலது’, ‘இடது’ என்று அறைகளுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அம்புக்குறிகளைத் தவிர வேறெதற்கும் வண்ணம் வேண்டாம். எல்லாவற்றுக்கும் பூசினால் எதுவும் தனித்துத் தெரியாது.

முடித்ததும் நண்பரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் அல்லது திரும்பப் படிக்கும் வரியை மேலும் பிரியுங்கள். பிறகு தாளை மூடி, இரத்தம் போகும் வழியை அவரையே வரையச் சொல்லுங்கள். எந்த அம்பு விடுபடுகிறதோ, உங்கள் சுருக்கத்தில் திருத்த வேண்டிய இடம் அதுதான்.